காலி மனையைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ்: அது எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஒருவர் பல வருடங்களுக்கு முன் வாங்கிப்போட்ட மனையில் இன்னொருவர் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். ஒருநாள் கொட்டகை போட்டவர் கைக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. "மேற்படி சொத்து இன்ன தேதியிட்ட கிரையப் பத்திரப்படி எமது கட்சிக்காரருக்குப் பாத்தியப்பட்டது. 15 நாட்களுக்குள் அகற்றிக்கொண்டு காலி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும்" என்கிறது அது. அனுப்பியவர் பதினாறாம் நாள் போலீசோடு போய் இடித்துவிடலாம் என்று நினைக்கிறார். நோட்டீஸ் வாங்கியவரோ, பதில் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று மடித்து வைத்துவிடுகிறார். இரண்டுமே தவறு. இந்த நோட்டீஸின் உண்மையான வலிமை எங்கே இருக்கிறது, எந்த ஒரு வாக்கியம் அனுப்பியவரையே பின்னாளில் கவிழ்க்கும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துப் பார்ப்போம்.

## நோட்டீஸ் உத்தரவு அல்ல

தனியார் மனை விஷயத்தில் வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பின் கோரிக்கை மட்டுமே. அதில் சொல்லும் 7 நாள், 15 நாள் எல்லாம் அனுப்புகிறவர் வைக்கும் கெடு. அது முடிந்ததும் யாருக்கும் எந்த அதிகாரமும் புதிதாக வந்துவிடாது. அத்துமீறி நுழைந்த ஒருவர் மீது சுவாதீன மீட்பு வழக்கு, அதாவது இடத்தைத் திரும்பத் தன் கைவசம் கேட்கும் வழக்கு, போடுவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதே தோற்றத்தில் வரும் வேறு நோட்டீஸ்களுக்கு வேறு பலன் உண்டு. அதனால் முதலில் அனுப்பியது யார் என்று பார்க்க வேண்டும்.

1. அரசுப் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நோட்டீஸ் வரும். பிரிவு 7 விளக்கம் கேட்கும். பிரிவு 6 வெளியேற்றும். இதற்கு அவர்கள் சிவில் வழக்குப் போட வேண்டியதில்லை.

2. கோயில் நிலம் என்றால் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் பிரிவு 78 வழியே தனி நடைமுறை உண்டு. அங்கே "பல வருடமாக இருக்கிறேன்" என்ற வாதத்துக்கு இடமில்லை.

3. வக்கீலின் முகப்புத் தாளில் வந்தது தனியார் கோரிக்கை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

## ஒரு எடுத்துக்காட்டு

கடைசி வரை ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனையானது, ஆனால் இதைப் போன்றவை ஏராளம்.

ஒருவர் 1996ல் ஒரு மனைப்பிரிவில் 17ஆம் எண் மனையைப் பதிவுக் கிரையம் பெற்றார். கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்டு. பத்திரத்தில் சர்வே எண் 112/3. பட்டாவை அவர் தன் பெயருக்கு மாற்றவில்லை. வேலை நிமித்தம் வெளியூர் போய்விட்டார். மார்ச் 2015ல் ஒருவர் அங்கே ஹாலோ பிளாக் கல் அடுக்கினார். பிறகு வேலி போட்டு 30க்கு 20 அடியில் தகரக் கொட்டகை எழுப்பினார். 2016ல் மின் இணைப்பும் வாங்கினார். உரிமையாளருக்கு இது தெரியவந்தது 2025 கடைசியில். நோட்டீஸ் அனுப்ப நினைப்பது ஜனவரி 2026ல்.

## எந்தப் பத்திரம் எதை நிரூபிக்கும்

நோட்டீஸில் "ஆவணங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. ஒவ்வொன்றின் எடையும் வேறு.

கிரையப் பத்திரம்தான் முதுகெலும்பு. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் செல்லும். பவர் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு "நான்தான் உரிமையாளர்" என்று நோட்டீஸ் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரம் வழியே நடக்கும் "விற்பனை" உரிமையை மாற்றாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கிரையப் பத்திரத்துக்குப் பின்னால் தாய்ப்பத்திரம் வேண்டும். விற்றவருக்கு உரிமை எப்படி வந்தது என்பதை அதுதான் காட்டும். வழக்கு என்று போனால், சுவாதீனம் கேட்பவர் தன் உரிமையின் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும். எதிராளியிடம் ஒரு காகிதம்கூட இல்லை என்பது மட்டும் அவருக்கு உதவாது.

வில்லங்கச் சான்றிதழ் துணை ஆவணம். தேடிய காலத்தில், தேடிய சொத்து விவரத்தின் மேல், என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்பதை மட்டும் அது சொல்லும். நிலத்தில் யார் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

பட்டாவைப் பற்றிய குழப்பம்தான் பெரியது. பட்டா வருவாய்க் கணக்கு. உரிமைக்கு அது ஆதரவுச் சான்றே தவிர உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2014ல் வாசவி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் பட்டா மாறாதது உரிமையாளரைத் தோற்கடிக்காது. ஆனால் நோட்டீஸுக்கு முன் அதைச் சரிசெய்வது நல்லது. காரணம் அடுத்து வருகிறது.

## பத்திரத்தில் இருக்கும் மனைதான் தரையில் இருக்கிறதா

வழக்குகள் சரிந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். நோட்டீஸுக்கு வரும் பதிலில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "தாங்கள் குறிப்பிடும் சொத்து வேறு, நான் இருக்கும் இடம் வேறு." உரிமையைப் பற்றிப் பேசாமலே அதைத் தட்டிவிடும் வரி இது.

1996ல் பத்திரத்தில் 112/3 என்றிருந்த இடம், பின்னாளில் உட்பிரிவாகி 112/3B2 ஆகியிருக்கலாம். ஊர் நகராட்சியோடு சேர்ந்து நகர அளவை நடந்திருந்தால் எண்ணே முழுவதும் மாறியிருக்கும், வார்டும் பிளாக்கும் கூடியிருக்கும். பத்திரத்தின் நான்கெல்லையில் "கிழக்கில் 18ஆம் எண் மனை, வடக்கில் 23 அடி ரோடு" என்று இருக்கும். இன்று அந்த ரோடு 20 அடியாகச் சுருங்கியிருக்கும், நட்ட கல் ஒன்றும் இருக்காது. இந்தப் பழைய விவரத்துக்கும் இன்றைய எண்ணுக்கும் பாலம் போடாமல், பத்திரத்தின் தபசிலை, அதாவது சொத்து விவரப் பகுதியை, அப்படியே நகல் எடுத்து நோட்டீஸில் ஒட்டினால் எதிராளிக்கு வேலை சுலபமாகிறது.

எனவே நோட்டீஸுக்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் எஃப்-லைன் எனப்படும் எல்லை அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்துப் புலப்படத்தோடு ஒப்பிட்டு அளந்துவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அளந்ததும் ஒன்று வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலியின் அகலம் 54 அடி. அதில் 40 அடிதான் 17ஆம் மனை. மீதி 14 அடி பக்கத்து 18ஆம் மனை. 14ஐ 60ஆல் பெருக்கினால் 840 சதுர அடி. "வேலிக்குள் இருக்கும் முழு இடத்தையும் ஒப்படைக்க வேண்டும்" என்று நோட்டீஸ் எழுதியிருந்தால், தனக்கு உரிமையே இல்லாத 840 சதுர அடியையும் கேட்டதாக ஆகியிருக்கும். இடத்தின் அடையாளத்தைப் பற்றிய அந்த ஒரு பிழையை வைத்தே வழக்கை வருடக்கணக்கில் இழுக்கலாம்.

அளவை முடிந்த அன்றே தேதியோடு புகைப்படமும் எடுத்துவிட வேண்டும். கொட்டகை எத்தனை அடி, தரை சிமெண்டா மண்ணா, ஆள் குடியிருக்கிறாரா, வெறும் கல் கிடக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். நோட்டீஸ் கிடைத்த மறுவாரமே தகரம் போய்ச் செங்கல் சுவர் எழுவது சாதாரணம்.

## "எப்படி வந்தார்" என்ற வாக்கியம்

நோட்டீஸில் மிக முக்கியமான இடம் இது. கிரையப் பத்திர எண்ணில் பிழை வந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இந்த வாக்கியத்தைத் திருத்துவது கடினம். இருப்பவர் எந்தத் தன்மையில் உள்ளே வந்தார் என்று உரிமையாளர் சொல்கிறாரோ, அதையொட்டித்தான் பின்னாலுள்ள சட்டம் முழுவதும் மாறுகிறது. நான்கு வகை உண்டு.

1. அத்துமீறி நுழைந்தவர். யாரையும் கேட்காமல் வந்தவர். உரிமையின் அடிப்படையில் சுவாதீன மீட்பு கேட்க வேண்டும். 12 வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கலாம்.

2. காவலாளி, பார்த்துக்கொள்ளச் சொன்னவர். எத்தனை வருடம் இருந்தாலும் அவர் இருப்பது உரிமையாளருக்காகத்தான். காவலாளிக்கோ வேலைக்காரருக்கோ நீண்டநாள் இருப்பால் உரிமை பிறக்காது என்று மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012ல் தீர்ப்பளித்தது.

3. அனுமதியோடு வந்தவர். "காலியாகத்தானே கிடக்கிறது, கல்லை அடுக்கிக்கொள்" என்று வாய்வார்த்தையாக விட்டது. அனுமதியை ரத்து செய்ய இந்த நோட்டீஸே கருவியாகிறது. ஒரு ஆபத்தும் உண்டு. அனுமதியை நம்பி அவர் தன் செலவில் நிரந்தரக் கட்டடம் கட்டியிருந்தால், வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அந்த அனுமதியை ரத்து செய்ய முடியாததாக்கிவிடும்.

4. அடிமனை வாடகைதாரர். மனைக்கு மட்டும் வாடகை கொடுத்துத் தன் செலவில் கட்டியவர். பொதுவான மாத வாடகைக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு. ஆனால் பழைய அடிமனை வாடகைகளில் 1921ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அது பொருந்துமிடத்தில் மூன்று மாத அறிவிப்பு கொடுத்து, கட்டடத்துக்கான இழப்பீட்டுத் தொகையையும் குறிப்பிட்டுத் தருவதாகச் சொன்ன பிறகுதான் வழக்கே போட முடியும். மனையை விலைக்குக் கேட்கும் உரிமைகூட வாடகைதாரருக்கு வரலாம்.

ஆகவே வெறும் ஆக்கிரமிப்பாளரைப் பேச்சுவாக்கில் "வாடகைதாரர்" என்று எழுதுவதும், காவலுக்கு வைத்தவரைக் கோபத்தில் "ஆக்கிரமிப்பாளர்" என்று எழுதுவதும் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வது. வக்கீலிடம் போகும்போது உரிமையாளர் இதை மறைக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு முன் மாதம் ஐநூறு ரூபாய் வாங்கிய கதை வழக்கில் எப்படியும் வெளியே வரும்.

## 12 வருடம்: நோட்டீஸால் நிற்காத கடிகாரம்

உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், உறுப்பு 65, 12 வருடம் தருகிறது. எதிராளியின் அனுபவம், அதாவது நிலத்தை அவர் தன் கைவசம் வைத்திருப்பது, உரிமையாளருக்கு விரோதமாக மாறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால் 27ஆம் பிரிவு உரிமையையே அழித்துவிடுகிறது. பத்திரம் கையில் இருக்கும், நிலம் போயிருக்கும். இதைத்தான் எதிரிடை அனுபவ உரிமை என்கிறார்கள். இதைத் தற்காப்பாக மட்டுமல்ல, தானே வழக்குப் போட்டும் கேட்கலாம் என்று ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வெறுமனே நீண்டகாலம் இருப்பது மட்டும் போதாது. அந்த அனுபவம் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உரிமையாளரின் உரிமையை மறுத்தும் இருந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் அது விரோதமாக மாறியது என்று கேட்பவர்தான் சொல்லி நிரூபிக்க வேண்டும். உரிமையாளர் நிலத்தைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தது மட்டும் அவர் உரிமையைக் குறைக்காது. கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் 2004ல் இது விளக்கப்பட்டது. காலி மனைக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. யாரும் நேரடியாகப் பயன்படுத்தாத காலி இடத்தில் உரிமை யாருக்கோ சுவாதீனமும் அவருக்கே என்று கருதப்படும். 2008ல் அனத்துலா சுதாகர் வழக்கில் சொல்லப்பட்ட கோட்பாடு இது.

இரண்டு, நோட்டீஸ் அனுப்பியதால் இந்த 12 வருடக் கடிகாரம் நிற்காது. நிறுத்துவது வழக்குத் தாக்கல் மட்டும்தான். "ஐந்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்" என்பது பாதுகாப்பே அல்ல.

எடுத்துக்காட்டுக்கு வருவோம். எதிராளிக்கு மிகச் சாதகமான கணக்கு, மார்ச் 2015ல் விரோத அனுபவம் தொடங்கியது என்பது. அப்படியென்றால் மார்ச் 2027ல் கெடு முடிகிறது. கல் அடுக்கியதெல்லாம் அனுபவம் அல்ல, மின் இணைப்பு வாங்கிய 2016தான் தொடக்கம் என்று உரிமையாளர் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. எதிராளியின் தேதியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்பே வழக்கைத் தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு. ஜனவரி 2026ல் நோட்டீஸ் விடுகிறவருக்கு 14 மாதம் இருக்கிறது. சமரசப் பேச்சிலேயே அது கரைந்துவிடக்கூடும்.

இந்தக் கணக்கு தெரியாமல் எழுதும் நோட்டீஸ்களில் ஒரு வரி அடிக்கடி வரும்: "கடந்த இருபது வருடங்களாக எமது கட்சிக்காரரின் உரிமையை மறுத்துத் தாங்கள் சட்டவிரோதமாக அனுபவித்து வருகிறீர்கள்." எதிராளியின் அநியாயத்தை அழுத்திச் சொல்லும் நோக்கத்தில் எழுதியது அது. ஆனால் நீண்டகாலம், இடைவிடாமை, விரோத எண்ணம் ஆகிய மூன்றையும் உரிமையாளரே ஒப்புக்கொண்ட ஆவணமாக அது மாறிவிடுகிறது. எதிராளி அந்த நோட்டீஸையே தன் சான்றாவணமாகக் குறியிடுவார்.

## அப்படியானால் எப்படி எழுதுவது

எடுத்துக்காட்டில் உரிமையாளருக்கு நேரில் தெரிந்தது 2025 கடைசியில் பார்த்தது மட்டும். அதைத் தாண்டி எழுத வேண்டியதில்லை. மையப்பகுதி இப்படி இருக்கலாம்:

"கீழ்த் தபசிலில் கண்ட 17ஆம் எண் மனை, 1996ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரப்படி எமது கட்சிக்காரருக்குப் பாத்தியப்பட்டது. பத்திரத்தில் 112/3 எனக் கண்ட சர்வே எண் தற்போது 112/3B2 என உட்பிரிவாகியுள்ளது. எமது கட்சிக்காரர் கடந்த டிசம்பரில் பார்வையிட்டபோது மேற்படி மனையில் அவரது அனுமதியின்றித் தாங்கள் 30க்கு 20 அடி அளவில் தற்காலிகத் தகரக் கொட்டகை அமைத்திருப்பது தெரியவந்தது. தங்களுக்கு மேற்படி மனையில் எவ்வித உரிமையும் இல்லை. இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் கொட்டகையையும் பொருட்களையும் அகற்றிக் காலி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். உரிமை கோரும் ஆவணம் ஏதும் இருப்பின் அதன் நகலை அனுப்பவும்."

கடைசி வரியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அது இருப்பதே நல்லது. பதிலில் ஆவணம் எதுவும் வராவிட்டால், வழக்கின்போது திடீரென முளைக்கும் பழைய தேதியிட்ட காகிதத்தை "அன்று ஏன் காட்டவில்லை" என்று கேட்க முடியும். அசல் பத்திரத்தை இணைக்கவே கூடாது. பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். நம் எடுத்துக்காட்டில் பக்கத்து மனையின் 14 அடியைப் பற்றிப் பேசாமல், 40க்கு 60 அடியைச் சர்வேயரின் வரைபடப்படி மட்டும் கேட்க வேண்டும்.

அனுப்புவது ஒப்புகையோடு கூடிய தபாலில். 2025ல் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சலில் பதிவுச் சேவையையும் ஒப்புகையையும் கேட்டு வாங்க வேண்டும். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய தபால், "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தாலும் சேர்ந்ததாகக் கருதப்படும். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

## நோட்டீஸ் போன பிறகு நடப்பது

எதிராளி பதில் போடாமல் நேரே நீதிமன்றம் போய், "என் அமைதியான அனுபவத்தில் தலையிடக் கூடாது" என்று உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போடலாம். மின் கட்டண ரசீது, வரி ரசீது ஆகியவற்றைக் காட்டி, மறுதரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்க முயல்வார். அதற்கு அவர் கையில் இருக்கும் முதல் காரணமே இந்த நோட்டீஸ்தான். எனவே நோட்டீஸோடு சேர்த்தே கேவியட் மனுவும் தாக்கல் செய்வது நல்லது. சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்படி அது 90 நாள் உயிரோடு இருக்கும். அதுவரை உரிமையாளருக்குத் தெரிவிக்காமல் தடை கொடுக்க மாட்டார்கள்.

நீதிமன்றத்தைத் தவிர்த்துவிட்டு ஜேசிபியோடு போவது பற்றி நேராகச் சொல்ல வேண்டும். ஒருவர் நேற்று இரவு கல் நட்டார், இன்று காலை பார்த்துவிட்டீர்கள் என்றால் தடுக்கலாம், அகற்றலாம். ஆனால் உரிமையாளருக்குத் தெரிந்து நிலைத்துவிட்ட அனுபவத்தில் இருப்பவரை, அவர் அத்துமீறி வந்தவரே ஆனாலும், சட்டப்படியான வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலவந்தமாக வெளியேற்றினால் அவர் 6 மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வரலாம். அந்த வழக்கில் உங்கள் கிரையப் பத்திரத்தை நீதிமன்றம் பார்க்கவே பார்க்காது. கேள்வி அங்கே ஒன்றே ஒன்றுதான்: யார் இருந்தார், யார் வெளியேற்றினார்.

போலீஸில் புகார் கொடுக்கலாம். அத்துமீறல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் குற்றம்தான். போலி ஆவணம் இருந்தால் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவும் உண்டு. ஆனால் பத்து வருடக் கொட்டகையைக் காலி செய்துகொடுக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை.

## நோட்டீஸ் வாங்கியவர் பார்க்க வேண்டியது

பதில் போடாமல் இருப்பது தானாகவே ஒப்புதல் ஆகிவிடாது. ஆனாலும் கேட்டபோது மறுக்கவில்லை என்பது அவருக்கு எதிராகப் பேசும். தபசிலில் உள்ள எண்ணும் எல்லையும் தான் இருக்கும் இடத்தோடு பொருந்துகிறதா, நோட்டீஸ் விட்டவரின் பத்திரத்துக்கு முன்தொடர் இருக்கிறதா என்பதை வில்லங்கத்திலும் தாய்ப்பத்திரத்திலும் பார்த்த பிறகே பதில் எழுத வேண்டும்.

அவசரத்தில் எழுதும் பதில்கள் இரண்டு விதமாக அவரைக் கவிழ்க்கின்றன.

1. "இது எங்கள் பூர்வீகச் சொத்து, மேலும் 12 வருடத்துக்கு மேல் எதிரிடை அனுபவத்தில் இருக்கிறேன்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது. எதிரிடை அனுபவம் என்று சொல்வதே உரிமையாளர் வேறொருவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

2. "மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள், காலி செய்துவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது. நிஜமாகவே காலி செய்யப் போகிறவருக்கு இது நியாயமான வழி. உரிமை கோர நினைப்பவருக்கோ விரோத அனுபவம் என்ற வாதமே அத்தோடு முடிந்துவிடும்.

உண்மையில் வாடகை கொடுத்து வந்தவர், நோட்டீஸ் தன்னை ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னாலும், ரசீதுகளோடு அதை முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். தாமதித்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

## வழக்கு என்று ஆனால்

எதிராளி உரிமையையே மறுத்துவிட்ட பிறகு வெறும் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போடுவது வீண். இருக்கும் இடத்திலிருந்து அவரை எழுப்ப அது உதவாது. நிலம் தனக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சுவாதீன மீட்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கு நீதிமன்றக் கட்டணம் நிலத்தின் சந்தை மதிப்பில் கணக்காகும். தமிழ்நாட்டில் 2017ல் இது 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டு மனை சதுர அடி 1,500 ரூபாய் என்றால் மதிப்பு 36 லட்சம், கட்டணம் 1,08,000 ரூபாய். இந்தத் தொகைக்குப் பயந்து உறுத்துக்கட்டளை வழக்கோடு நிறுத்திக்கொண்டவர்கள், அது தள்ளுபடியான பிறகு கெடுவும் தாண்டிவிட்டது என்று அறியும் நிலை வருகிறது. நோட்டீஸ் அனுப்பும் நாளிலேயே இந்தப் பணத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்வதுதான் சரி.

இடத்தின் அடையாளத்தில் தகராறு வந்தால், நீதிமன்றம் வக்கீல் ஆணையரை நியமித்துச் சர்வேயர் துணையோடு அளந்து அறிக்கை தரச் சொல்லும். முன்பே எடுத்த எஃப்-லைன் அளவை அப்போது கைகொடுக்கும்.

தீர்ப்பு சாதகமாக வந்தாலும் மனை தானாகக் கைக்கு வராது. எதிராளி ஒப்படைக்காவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. நீதிமன்ற அமீனா வந்து, தேவைப்பட்டால் பூட்டை உடைத்து, நான்கெல்லையைக் காட்டிச் சுவாதீனம் ஒப்படைப்பார். யாராவது தடுத்தால் அந்தத் தடையையும் அதே நிறைவேற்று நீதிமன்றம்தான் விசாரிக்கும், போலீஸ் பாதுகாப்பும் அங்கேதான் கேட்க வேண்டும். ஒப்படைப்பு அறிக்கையில் எழுதப்படும் எல்லையும் அளவும் நோட்டீஸில் இருந்த அதே 40க்கு 60 அடியாக இருக்கிறதா என்பதை அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு, அன்றைக்கே கல் நட்டு வேலி போட்டுவிட வேண்டும்.